மூட்டத்தில் இருண்ட இருபது மாலைகள்: ஒரு படிப்பகத்தின் பேட்டரிக் கணக்கு

பின்னணி

குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் இடைப்பட்ட ஒரு தேயிலைத் தோட்டத்தின் தொழிலாளர் லைன் வீடுகளை ஒட்டி ஒரு மாலைப் படிப்பகம் நடக்கிறது. அங்கே குடியிருப்பவர்களில் பெரும்பாலோர் 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த குடும்பங்களின் வழி வந்தவர்கள். பகலில் பெரியவர்கள் கொழுந்து பறிக்கப் போய்விடுவார்கள். மாலை ஆறு முதல் ஒன்பது வரை இருபது பிள்ளைகள் ஒரே அறையில் உட்கார்ந்து படிப்பார்கள். அந்த அறை முன்பு உரமூட்டை வைத்திருந்த ஸ்டோர். அதற்கு மின் இணைப்பு கிடையாது.

அதனால் கூரையில் 100 வாட் சோலார் தகடு ஒன்றை வைத்தோம். உள்ளே 9 வாட் எல்.இ.டி. விளக்குகள் நான்கு. மூன்று மணி நேரம் எரிந்தால் ஒரு மாலைக்கு 108 வாட்-மணி செலவாகும். மீதி இருந்த ஒரே கேள்வி, எவ்வளவு பெரிய பேட்டரி வாங்குவது என்பதுதான். அந்தக் கணக்கைப் போட்டவன் நான். பள்ளியில் கணிதம் சொல்லிக்கொடுக்கிறேன், வாரத்தில் மூன்று நாள் படிப்பகத்துக்கும் போகிறேன்.

நீலகிரியின் இந்தக் கிழக்குச் சரிவுக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலம். அந்த 92 நாட்கள்தான் சோதனை. நல்ல வெயில் நாளில் தகடு சுமார் 400 வாட்-மணி தரும், காலியான பேட்டரியும் அன்றே நிரம்பிவிடும். மூட்டம் இறங்கி நாள் முழுக்க நின்றுவிட்டால் கணக்கில் எடுக்கிற அளவுக்கு எதுவும் வராது. இரண்டுக்கும் நடுவிலான நாட்களும் உண்டு. ஆனால் மாலையில் பேட்டரியைப் பார்த்தால் “நிறைந்தது”, “நிறையவில்லை” என்ற இரண்டில் ஒன்றாகத்தான் பெரும்பாலும் இருந்தது. ஆகவே நாளை இரண்டு நிலையாகவே பிரித்தோம்: வெயில், மூட்டம்.

முதல் முடிவும் அதன் காரணமும்

அறையைப் பார்த்துக்கொள்ளும் அக்கா, சுவரில் தொங்கிய மாதக் காலண்டரில் மூட்டமான நாட்களைப் பேனாவால் சுழித்து வைத்திருந்தார். நான் சுழிகளை எண்ணினேன். ஏறக்குறைய மூன்று நாளுக்கு ஒரு நாள் மூட்டம். எண்ணி முடித்ததும் அந்தக் காலண்டர் யாரோ ஒரு பிள்ளையின் நோட்டுக்கு அட்டையாகிவிட்டது. எனக்கு வேண்டிய எண் கிடைத்துவிட்டது என்று நானும் விட்டுவிட்டேன்.

பேட்டரி இரண்டு மாலைக்குத் தாங்கினால், தொடர்ந்து மூன்றாவது மூட்ட நாள் வரும்போதுதான் விளக்கு அணையும். ஒரு நாள் மூட்டமாக இருக்க நிகழ்தகவு 1/3. மூன்று நாள் தொடர்ந்து வர 1/3 × 1/3 × 1/3, அதாவது 1/27. 92 நாட்களில் மூன்று, நான்கு மாலைதான் இருட்டு. அதைச் சமாளிக்கலாம் என்று 12 வோல்ட், 40 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்றை வாங்கினோம். அதன் மொத்தக் கொள்ளளவு 480 வாட்-மணி. லெட்-ஆசிட் பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்கினால் அதன் ஆயுள் வெகுவாகக் குறையும் என்பதால் 240-ஐத்தான் பயன்படுத்த முடியும். இரண்டு மாலைக்கு வேண்டியது 216. சரியாகப் பொருந்தியது.

வாங்குவதற்கு முன் அக்காவிடம் இதைச் சொன்னேன். அவர் சொன்னது அப்படியே நினைவிருக்கிறது: “சார், மூட்டம் வந்தா ஒரு நாளோட போகாது. வந்தா உக்காந்துக்கும்.” வானிலையைப் பற்றிப் பொதுவாகச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். நான் போட்ட கணக்கையே மறுக்கிற தகவல் அது என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

செப்டம்பர் கடைசியில் ஒரு வாரம் ஓட்டிப் பார்த்தோம். ஏழு நாளும் வெயில், ஏழு மாலையும் விளக்கு எரிந்தது. அதையும் ஒரு சான்றாக எடுத்துக்கொண்டோம்.

பருவம் முழுதும் கண்டது

இம்முறை அக்கா ஒரு நோட்டில் ஒவ்வொரு நாளுக்கும் ஓர் எழுத்து எழுதினார்: வெ அல்லது மூ. பக்கத்தில் விளக்கு எரிந்ததா இல்லையா என்ற குறிப்பு. டிசம்பர் 31 அன்று நோட்டை மூடும்போது கணக்கு இப்படி இருந்தது: வெயில் 61 நாள், மூட்டம் 31 நாள். மூன்றில் ஒன்று என்ற எண் அப்படியே சரி. ஆனால் விளக்கு எரியாத மாலைகள் 20. நான் சொன்னதோ மூன்று, நான்கு.

முதலில் பேட்டரியைத்தான் சந்தேகப்பட்டோம். குளிரில் லெட்-ஆசிட் பேட்டரியின் கொள்ளளவு குறையும் என்பது உண்மையே. ஆனால் நோட்டைப் பார்த்தால், மூட்டத்தின் முதல் இரண்டு மாலைகளில் ஒருமுறைகூட விளக்கு அணையவில்லை. பேட்டரி தன் வேலையைச் செய்திருக்கிறது. தவறு கணக்கில்தான்.

மூட்டங்கள் வந்த விதத்தை நோட்டில் பார்த்தேன். 31 நாளும் ஆறே தொடர்களாக வந்திருந்தன. அவற்றின் நீளம் 3, 8, 2, 6, 11, 1. ஒவ்வொன்றிலும் முதல் இரண்டு நாளைக் கழித்தால் 1, 6, 0, 4, 9, 0. கூட்டினால் 20.

அணியை எழுதிப் பார்த்தது

மூட்ட நாட்களை மட்டும் எண்ணாமல், இன்று இருந்த நிலையிலிருந்து நாளை எந்த நிலைக்குப் போனது என்று எண்ணினேன். 92 நாளில் 91 மாற்றங்கள். வெயில் நாளை அடுத்து வந்த 60 நாட்களில் 54 வெயில், 6 மூட்டம். மூட்ட நாளை அடுத்து வந்த 31 நாட்களில் 25 மூட்டம், 6 வெயில். வெயிலிலிருந்து மூட்டத்துக்குப் போகும் வீதம் 0.1. மூட்டத்திலிருந்து வெயிலுக்குத் திரும்பும் வீதம் 6/31, ஏறக்குறைய 0.2. இந்த வீதங்களைக் கட்டமாக எழுதினால் வருவதுதான் நிலைமாற்ற அணி. வரிசை ‘இன்று’, நிரல் ‘நாளை’, முதலில் வெயில், அடுத்து மூட்டம்:

```
P  = | 0.9  0.1 |
     | 0.2  0.8 |
```

இதை இதனாலேயே பெருக்கினால் நாளை மறுநாளுக்கான அணி வரும். வந்த விடையை மறுபடி அதனாலேயே பெருக்கினால் நான்காம் நாள், அப்புறம் எட்டாம் நாள், பதினாறாம் நாள். கைப்பேசிக் கால்குலேட்டரில் நான்கே பெருக்கல்:

```
P^2  = | 0.830  0.170 |
       | 0.340  0.660 |

P^4  = | 0.747  0.253 |
       | 0.507  0.493 |

P^8  = | 0.686  0.314 |
       | 0.628  0.372 |

P^16 = | 0.668  0.332 |
       | 0.664  0.336 |
```

இரண்டு வரிசைகளும் ஒன்றையொன்று நெருங்கி வருவதைப் பாருங்கள். முதல் அணியில் அவற்றின் வித்தியாசம் 0.9 − 0.2 = 0.7. இரண்டாம் அடுக்கில் 0.49. ஒவ்வொரு நாளும் அந்த வித்தியாசம் 0.7 மடங்காகச் சுருங்குகிறது. எட்டாம் நாளில் 0.06-க்கும் கீழே. கடைசியில் இரண்டு வரிசையும் (2/3, 1/3) என்ற ஒரே வரிசையாகிவிடும். இன்று வெயிலா மூட்டமா என்பது அதற்குள் அழிந்துபோகிறது. அதுதான் அணியின் அடுக்குகளுக்கு எல்லை.

பெருக்காமலும் இந்த எல்லையைக் கண்டுபிடிக்கலாம். நீண்ட காலத்தில் வெயிலிலிருந்து மூட்டத்துக்குள் நுழையும் நாட்களும் மூட்டத்திலிருந்து வெளியேறும் நாட்களும் சமமாகத்தான் இருக்க முடியும். வெயிலின் பங்கில் 0.1 பங்கும் மூட்டத்தின் பங்கில் 0.2 பங்கும் சமம் என்றால், வெயில் மூட்டத்தைப் போல இரண்டு மடங்கு. ஆகவே மூட்டத்தின் பங்கு 1/3.

இங்கேதான் என் பிழை எதுவென்று பிடிபட்டது. நாளையைப் பற்றிக் கேட்க வேண்டிய இடத்தில் நான் எல்லையைப் போட்டிருந்தேன். மூட்டம் 1/3, அடுத்த நாளும் 1/3, அதற்கடுத்த நாளும் 1/3 என்று பெருக்குவது, முதல் நாளிலேயே இரண்டு வரிசையும் ஒன்றாகிவிட்ட அணியைப் பயன்படுத்துவதுதான்:

```
| 0.667  0.333 |
| 0.667  0.333 |
```

இதன் எல்லையும் அதே 2/3, 1/3 தான். காலண்டர் சுழிகளின் எண்ணிக்கையை மட்டும் பார்ப்பவருக்கு இந்த அணியும் உண்மையான அணியும் ஒன்றுபோலவே தெரியும். வேறுபாடு எல்லையில் இல்லை, எல்லைக்குப் போகும் வேகத்தில் இருக்கிறது. இந்த அணியில் வித்தியாசம் 0, எங்கள் மலையில் 0.7. கணிதத்தில் இந்த எண்ணை அணியின் இரண்டாவது ஐகன் மதிப்பு என்பார்கள். இரண்டு நிலை மட்டும் உள்ள அணிக்கு அது 1 − a − b. a என்பது வெயிலிலிருந்து மூட்டத்துக்குப் போகும் வீதம், b என்பது மூட்டத்திலிருந்து வெயிலுக்குத் திரும்பும் வீதம். இங்கே a = 0.1, b = 0.2. அக்கா “உக்காந்துக்கும்” என்று சொன்னது இந்த 0.7-ஐத்தான்.

இப்போது இருட்டு மாலைகளை மறுபடி கணக்கிடலாம். ஒரு நாள் மூட்டத் தொடரின் மூன்றாவது நாளாகவோ அதற்குப் பிந்தியதாகவோ இருக்க வேண்டுமானால், அதற்கு இரண்டு நாள் முன்பே மூட்டமாக இருந்து, இரண்டு முறை தொடர்ந்திருக்க வேண்டும். 1/3 × 0.8 × 0.8 = 0.213. 92 நாளுக்கு 19.6 மாலை. நோட்டில் இருந்தது 20. அதே நோட்டிலிருந்து எடுத்த வீதங்கள்தான் என்பதால் இந்தப் பொருத்தம் தனியான சான்று ஆகாது. ஆனால் என் பழைய கணக்கு எங்கே பிசகியது என்பதை இது சரியாகக் காட்டுகிறது.

செப்டம்பர் சோதனை ஏன் எதையும் சொல்லவில்லை என்பதும் இதிலேயே தெரிகிறது. வெயில் நாளில் தொடங்கினால் அடுத்த ஆறு நாளும் வெயிலாகவே போக நிகழ்தகவு 0.9-இன் ஆறாம் அடுக்கு, சுமார் 0.53. தொடங்கிய நிலை மறக்கப்படுவதற்குள் சோதனையே முடிந்துவிட்டது. போதாததற்கு, செப்டம்பர் எங்கள் பருவமே இல்லை.

நேற்று மட்டும் போதுமா?

இந்த அணி, நாளைய நிலை இன்றைய நிலையை மட்டும் பொறுத்தது என்று எடுத்துக்கொள்கிறது. ஐந்து நாளாக மூட்டம் நின்றிருந்தாலும், நேற்றுதான் வந்திருந்தாலும் அதற்கு ஒன்றுதான். இது பொய்யானால் கணக்கும் பொய். அதனால் ஒவ்வொரு தொடரையும் நாள் நாளாகப் பிரித்துப் பார்த்தேன். மூட்டத்தின் முதல் நாள் 6, அதில் மறுநாளும் தொடர்ந்தவை 5. இரண்டாம் நாள் 5, தொடர்ந்தவை 4. மூன்றாம் நாள் 4, தொடர்ந்தவை 3. நான்காம் நாளும் அதற்குப் பிந்தியவையும் 16, தொடர்ந்தவை 13. வீதங்கள் 0.83, 0.80, 0.75, 0.81. மூட்டம் பழசாகப் பழசாக விலகும் வாய்ப்பு கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஆறே தொடர்களை வைத்து இதை உறுதியாகச் சொல்ல முடியாதுதான். ஆனாலும் கணக்கைத் தூக்கிப்போடச் சொல்லும் அறிகுறி எதுவும் இல்லை.

மழையை இப்படி இரண்டு நிலையாக எழுதுவது புதிதல்ல. டெல் அவிவ் நகரத்தின் தினசரி மழையைக் காப்ரியேல், நியூமன் என்ற இருவர் 1962-இல் இதே முறையில் ஆராய்ந்தார்கள். அங்கே மழை நாளுக்கு மறுநாளும் மழை பெய்ய நிகழ்தகவு 0.662, வறண்ட நாளுக்கு மறுநாள் மழை பெய்ய 0.250. இரண்டுக்கும் வித்தியாசம் 0.412. எங்கள் மூட்டம் அந்த மழையை விடப் பிடிவாதமானது.

இந்த வித்தியாசம் எதிர்ப்பக்கம் போனால் எல்லையே இல்லாமலும் போகும். எங்கள் லைனுக்குத் தண்ணீர் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வரும். இன்று வந்தால் நாளை நிச்சயம் வராது, இன்று வராவிட்டால் நாளை நிச்சயம் வரும். a, b இரண்டும் 1, ஆகவே வித்தியாசம் −1. அந்த அணியை எத்தனை முறை பெருக்கினாலும் இரண்டு வடிவங்களுக்கிடையே மாறி மாறிப் போகுமே தவிர எங்கும் நிற்காது. சராசரியாகப் பாதி நாள் தண்ணீர் என்பது உண்மை. ஆனால் நூறாம் நாள் தண்ணீர் வருமா என்று கேட்டால் பதில் பாதி அல்ல, இன்று வந்ததா என்பதைப் பொறுத்தது. பிள்ளைகளுக்கு அணியைச் சொல்லிக்கொடுக்கும்போது இந்த எடுத்துக்காட்டுதான் சட்டென்று புரிந்தது. குடம் வைப்பவர்கள் அவர்கள்தானே.

இரண்டாவது முடிவு

முதலில் யோசித்தது பெரிய பேட்டரி. பேட்டரி k மாலை தாங்கினால் இருட்டின் பங்கு 1/3 × 0.8-இன் k-ஆம் அடுக்கு. நான் முதலில் வாக்களித்த மூன்று நான்கு மாலைக்கு அதை இறக்க வேண்டுமானால் k பத்து ஆக வேண்டும். ஐந்து மடங்கு பேட்டரி. அதை வாங்கப் பணம் இல்லை. இருந்தாலும் அது காலியானால் ஒரே வெயில் நாளில் நிரம்பாது, ஏறக்குறைய மூன்று நாள் வேண்டும். அப்போது என் சமன்பாடே பொருந்தாது, தகட்டையும் கூட்ட வேண்டும்.

அடுத்து யோசித்தது பாதி விளக்கு. இரண்டு விளக்கோடு நான்கு மாலை ஓட்டலாம். அப்போதும் 12, 13 மாலை இருட்டு. இருபது பிள்ளைகள் இரண்டு விளக்குக்குக் கீழே படிப்பதும் நடக்காத காரியம்.

மூன்றாவது வழி அணியின் இரண்டாம் வரிசையிலிருந்து வந்தது. மூட்டத்தில் இருக்கும்போது நாளையும் மூட்டமாக இருக்க 0.8. அப்படியானால் இரண்டாவது மூட்ட மாலையில் “நாளை வெயில் வரும்” என்று காத்திருப்பது ஐந்தில் நான்கு முறை தோற்கும். காத்திருக்கவே கூடாது. முதல் பேட்டரியைப் போலவே இன்னொன்று வாங்கி, கடைத்தெருவில் உள்ள ஒரு பேட்டரிக் கடையில் நிறைத்து வைத்தோம். மூட்டத்தின் இரண்டாவது மாலை முடிந்ததும் மறுநாள் காலையில் ஓடி முடிந்த பேட்டரி அந்தக் கடைக்குச் சார்ஜுக்குப் போகும், அங்கே நிறைந்திருப்பது திரும்பி வந்து விளக்கில் ஏறும். ஒரு ஆள் தூக்கிப் போகிற கனம்தான். கொழுந்து ஏற்றப் போகும் ஜீப்பில் வைத்துவிடலாம். வெயில் வந்தால் வீண்செலவு ஒரு சார்ஜ் கட்டணம் மட்டுமே.

பிறகு நடந்தது

அடுத்த ஆண்டு அக்டோபர் முதல் டிசம்பர் வரை மூட்டம் 30 நாள், ஏழு தொடர்கள்: 5, 1, 7, 2, 4, 1, 10. பங்கு மீண்டும் ஏறக்குறைய மூன்றில் ஒன்று. பழைய முறையிலேயே விட்டிருந்தால் 18 மாலை இருண்டிருக்கும். இருண்டவை 3. அதில் இரண்டு, பத்து நாள் தொடரின்போது சாலையில் மரம் விழுந்து ஜீப் போகாத நாட்கள். மற்றொன்று, இரண்டாவது மாலைக்குப் பிறகு மூன்றாம் நாள் காலையில் வெளிச்சம் கண்டு, வெயில் வந்துவிடும் என்று நான் பேட்டரியை அனுப்பாமல் நிறுத்திய நாள். பத்து மணிக்கு மூட்டம் மறுபடி இறங்கியது.

இனி மாற்றுவது

ஜனவரி முதல் மார்ச் வரை இங்கே பெரும்பாலும் வறண்ட, தெளிந்த நாட்கள். அந்த நாட்களையும் சேர்த்து ஒரே அணி எழுதினால் எந்த மாதத்துக்கும் பொருந்தாத ஓர் அணி கிடைக்கும். ஆகவே ஜூன் முதல் செப்டம்பர் வரைக்குத் தனி நோட்டு, அக்டோபர் முதல் டிசம்பர் வரைக்குத் தனி நோட்டு. இரண்டையும் கலப்பதில்லை.

b என்ற எண் முதல் நோட்டில் வெறும் ஆறு வெளியேற்றங்களிலிருந்து வந்தது. இரண்டாம் ஆண்டு அது 30-இல் 7, அதாவது 0.23. இரண்டு பருவத்தையும் சேர்த்தால் 61-இல் 13, சுமார் 0.21. இன்னும் இரண்டு பருவம் போன பிறகுதான் இரண்டாம் இலக்கத்தை நம்புவேன். அதுவரை 0.2 என்றே வைத்துக்கொள்கிறோம்.

காலண்டரில் சுழிப்பதை நிறுத்திவிட்டோம். நோட்டில் தேதி விடாமல் எழுத்து வரிசையாக இருக்க வேண்டும். ஒரு நாள் விட்டுப்போனால் அதை ஊகித்து நிரப்பாமல் கோடு போட்டுவிடுவது, அந்த நாளுக்கு முன்னும் பின்னும் உள்ள மாற்றங்களை எண்ணாமல் விடுவது என்று வைத்திருக்கிறோம். பேட்டரியை அனுப்புவதா வேண்டாமா என்பதையும் இப்போது நான் முடிவு செய்வதில்லை. இரண்டு “மூ” அடுத்தடுத்து எழுதிய மறுநாள் காலை, வானத்தைப் பார்க்காமலே அக்கா அதை ஜீப்பில் ஏற்றிவிடுகிறார்.